புழுவின் சாட்சி

2019 டிசம்பர் 4ஆம் தேதி, காஷ்மீருக்கு வெளியே வாழும் காஷ்மீரிகளின் கைபேசிகளில் ஒரு விசித்திரம் நடந்தது. குடும்ப வாட்ஸப் குழுக்களிலிருந்து ஊரில் இருக்கும் உறவினர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் `left` என்று ஒரு வரி, அடுத்தடுத்து வந்து விழுந்தது. நான்கு மாதமாகச் சத்தமே இல்லாத குழுவில் திடீரென்று அசைவு. ஊரில் நெட் வந்துவிட்டது போலிருக்கிறது, ஆனால் வந்ததும் ஏன் எல்லோரும் கோபித்துக்கொண்டு போகிறார்கள் என்று சிலர் குழம்பினார்கள்.

யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. 120 நாள் தொடர்ந்து இணையத்துக்கே வராத கணக்கை வாட்ஸப் தானாக அழித்துவிடும். அது எல்லாருக்கும் பொதுவான விதி. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இணையம் நின்றது ஆகஸ்ட் 4 இரவு தொடங்கி. விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் டிசம்பர் முதல் வாரத்தில் 120 நாள் முடிகிறது. பேச முடியாமல் போனவர்களை, பேசுவதை நிறுத்திக்கொண்டவர்கள் என்று ஒரு கணினி நிரல் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

எனக்கு இதில் பிடித்த விஷயம், அந்த மௌனத்துக்கு ஒரு தேதி இருந்தது என்பது. கணக்குப் போட்டால் எப்போது தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ச் சொல்லிவிட முடிந்தது. இணையத்தை நிறுத்துகிற அரசுகள் பொதுவாக இதை யோசிப்பதில்லை. பத்திரிகையைத் தணிக்கை செய்தால் வெற்றிடம் அச்சில் தெரியும், அதனால்தான் தணிக்கை அதிகாரிகள் அந்த இடத்தை வேறு எதையாவது வைத்து நிரப்பச் சொன்னார்கள். இணையத்தை அறுத்தால் எல்லாம் ஒரேயடியாக இருட்டாகிவிடும், இருட்டில் யார் என்ன பார்க்க முடியும் என்ற எண்ணம் இருக்கலாம். ஆனால் இந்த இருட்டை அளக்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி அளக்கிறார்கள் என்று பார்க்க, எகிப்துக்குப் போக வேண்டும்.

2011 ஜனவரி 25 அன்று கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் ஹோஸ்னி முபாரக்குக்கு எதிராகக் கூட்டம் சேர்ந்தது. 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்ததும் நாடு முழுக்க ஊர்வலம் என்று அறிவிப்பு. அதற்கு முந்தைய நள்ளிரவில் நாட்டின் இணையம் போனது.

எப்படிப் போனது என்பதைப் புரிந்துகொள்ள, இணையம் வழி கண்டுபிடிக்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இணையம் என்பது ஒற்றைக் கம்பிவலை கிடையாது. பல்லாயிரம் தனித்தனி நிறுவனங்களின் வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பதுதான் இணையம். ஒவ்வொரு வலைப்பின்னலும் தன் பக்கத்து வலைப்பின்னலிடம் ஒரு செய்தியைச் சொல்லிவைக்கும்: "இந்த இந்த முகவரிகளுக்குப் போக வேண்டுமா, என் வழியாகப் போகலாம்." நம் பேருந்து நிலையத்தில் கண்டக்டர்கள் நின்று ஊர்ப் பெயரைக் கூவுகிறார்களே, அதே மாதிரி. ஒரு நிலையத்தில் கேட்ட கூவலை அடுத்த நிலையத்துக்கு இன்னொருவர் கூவுவார். இப்படித்தான் சாவ் பாவ்லோவில் உள்ள கணினிக்குக் கெய்ரோவில் உள்ள கணினிக்குப் போகும் வழி தெரிகிறது. இந்தக் கூவலுக்கான விதிமுறைக்கு பி.ஜி.பி. என்று பெயர். கூவலைத் திரும்பப் பெறவும் அதில் ஒரு செய்தி உண்டு: "இனி இந்த ஊருக்கு என் வழியாக வண்டி இல்லை." அந்தச் செய்தியும் அதே வேகத்தில் உலகமெல்லாம் போகும்.

இந்தக் கூவல்களைச் சும்மா நின்று கேட்டுக் குறித்துக்கொள்வதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகம் ஒரு திட்டம் நடத்துகிறது, ஐரோப்பாவின் முகவரிப் பதிவகம் ஒன்று நடத்துகிறது. நாளைக்கு ஆராய்ச்சிக்கு உதவும் என்று எழுதி வைக்கும் வேலை அது. ரெனிசிஸ் என்ற தனியார் நிறுவனமும் அப்போது இதைத் தொழிலாகச் செய்துவந்தது.

கெய்ரோ நேரப்படி நள்ளிரவு 12.12க்கு அரசு நிறுவனமான டெலிகாம் எகிப்து தன் கூவலைத் திரும்பப் பெறத் தொடங்கியது. ஒரு நிமிடம் கழித்து ராயா. 12.17க்கு லிங்க் எகிப்து. இரண்டு நிமிடம் கழித்து எதிசலாத். 12.25க்கு இன்டர்நெட் எகிப்து. சுமார் 3,500 வழித்தடங்கள், அரை மணி நேரத்துக்குள், உலக வரைபடத்திலிருந்தே அழிந்தன. ரெனிசிஸ் ஆட்கள் இந்த நேர வரிசையைப் பார்த்துச் சொன்ன ஊகம் எனக்கு மறக்காதது. ஒரே சுவிட்சைத் தட்டினால் எல்லாம் ஒரே வினாடியில் போயிருக்கும். இது ஒவ்வொன்றாகப் போனது. யாரோ ஒருவர் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வரிசையாகத் தொலைபேசியில் பேசியதுபோல் இருக்கிறது என்றார்கள். எந்த ரகசியக் கோப்பும் கைக்கு வராமல், வெறும் நேரக்குறிப்பை வைத்து ஒரு அதிகாரி தொலைபேசியைக் கையில் எடுத்த காட்சியை ஊகிக்க முடிந்திருக்கிறது. வோடஃபோன் பின்பு வெளிப்படையாகவே அறிக்கை விட்டது: நாட்டின் கைபேசி நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் குறிப்பிட்ட இடங்களில் சேவையை நிறுத்தும்படி உத்தரவு வந்தது, எகிப்தியச் சட்டப்படி அப்படி உத்தரவிட அரசுக்கு அதிகாரம் இருக்கிறது, நாங்கள் கீழ்ப்படிந்தாக வேண்டும்.

அந்த இருட்டிலும் ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. நூர் என்ற நிறுவனத்தின் 83 வழித்தடங்களும் அப்படியே இருந்தன. எகிப்தியப் பங்குச்சந்தையின் இணையதளம் அவர்களிடம்தான் இருந்தது. ஏன் விட்டார்கள் என்று யாரும் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. 31ஆம் தேதி அதுவும் அணைந்தது. பிப்ரவரி 2 காலை 11.30 வாக்கில்தான் நாடு திரும்ப வந்தது.

இதுவரை நான் சொன்னது, கூவலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது. இதைவிட அழகானது அடுத்த முறை. அமெரிக்காவின் சான் டியாகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சியாளர்களிடம் ஒரு வேடிக்கையான சொத்து இருந்தது: பெரும்பாலும் யாருக்கும் ஒதுக்கப்படாத, காலியாகக் கிடக்கும் இணைய முகவரிகள், சுமார் 1.7 கோடி. அந்தக் காலத்து முகவரிப் பரப்பு மொத்தத்தில் 256இல் ஒரு பங்கு. அங்கே கணினி இல்லை, இணையதளம் இல்லை, யாருக்கும் அங்கே வேலை இல்லை. ஆகவே அங்கே வந்து சேரும் எந்தத் தரவும் வழிதவறி வந்ததாகவோ கெட்ட எண்ணத்தோடு வந்ததாகவோ மட்டுமே இருக்க முடியும். ஆளில்லாத ஒரு தெருவில் வீட்டுக்கு வீடு தபால் பெட்டி மாட்டிவைத்து, எதெது வந்து விழுகிறது என்று பார்ப்பது மாதிரி. இதற்கு அவர்கள் தொலைநோக்கி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று விழுந்ததில் பெரும்பகுதி கணினிப் புழுக்களின் வேலை. 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் என்ற புழு உலகத்து விண்டோஸ் கணினிகளில் பரவியது. புழு பிடித்த கணினி சும்மா இருக்காது. குத்துமதிப்பாக ஏதாவது ஒரு முகவரியைத் தேர்ந்தெடுத்து, கதவைத் தட்டிப் பார்க்கும். யாராவது திறந்தால் உள்ளே புகும். திறக்காவிட்டால் அடுத்த முகவரி. குத்துமதிப்பாகத் தட்டுவதால், சில தட்டல்கள் சான் டியாகோவின் ஆளில்லாத தெருவிலும் விழும். எந்த நாட்டிலிருந்து எவ்வளவு தட்டல் வருகிறது என்று எண்ணினால், அந்த நாட்டில் எத்தனை கணினி உயிரோடு இணையத்தில் இருக்கிறது என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு கிடைத்துவிடும். புழுவைப் பரப்பியவன் நினைத்துக்கூடப் பார்க்காத பயன்.

இந்த எண்ணிக்கையில் ஒரு ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும். இரவில் மக்கள் கணினியை அணைப்பார்கள், தட்டல் குறையும், காலையில் கூடும். ஒரு நாட்டின் தூக்கமும் விழிப்பும் அலை அலையாக அந்தக் கோட்டில் தெரியும். வெள்ளிக்கிழமை விடுமுறை தெரியும். ஆகவே எண்ணிக்கை குறைந்ததுமே முடக்கம் என்று கத்திவிட முடியாது, அந்த நேரத்துக்கு அந்த நாட்டின் வழக்கமான அளவோடு ஒப்பிட வேண்டும்.

அல்பெர்ட்டோ டைனோட்டி தலைமையில் இந்தக் குழு 2011இலேயே வெளியிட்ட ஆய்வு, எகிப்தையும் லிபியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எகிப்தில் ஒரு விநோதம். கூவல் நின்ற பிறகும் புழுக்களின் தட்டல் முழுக்க நிற்கவில்லை. யோசித்தால் காரணம் புரியும். கூவலைத் திரும்பப் பெற்றால், வெளியிலிருந்து உள்ளே போகும் வழிதான் மறையும். சில வலைப்பின்னல்களில் உள்ளே இருந்து வெளியே போகிற கதவு திறந்தே கிடந்தது. போன தட்டலுக்குப் பதில் திரும்பி வராது. ஆனால் புழுவுக்குப் பதிலைப் பற்றிக் கவலை இல்லை, அது தட்டிக்கொண்டே இருந்தது. மனிதர்களில் பெரும்பாலோர் ஒரு வரிகூட அனுப்ப முடியாத ஐந்து நாளில், கெய்ரோவின் நோய் பிடித்த கணினிகள் மட்டும் கலிபோர்னியாவுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

லிபியாவில் நேர்மாறு. அங்கே நாட்டின் இணையம் மொத்தமும் ஏறக்குறைய ஒரே அரசு நிறுவனத்தின் கையில். பிப்ரவரி 18 இரவும் மறுநாளும் எகிப்து பாணியில் கூவலை நிறுத்தினார்கள். மார்ச் 3 அன்று வேறு முறை. கூவல் நிற்கவில்லை, வழித்தடங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. கூவலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு லிபியா நலமாக இருக்கிறது என்றே தோன்றியிருக்கும். தொலைநோக்கியில் மட்டும் புழுக்களின் சத்தம் கிட்டத்தட்ட செத்துப் போயிருந்தது. அதாவது பேருந்து நிலையத்தில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறார், சாலையில்தான் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பொட்டலம் பொட்டலமாகத் தரவை வழியிலேயே வடிகட்டித் தூக்கி எறிந்திருக்கிறார்கள். பிப்ரவரி நிறுத்தங்களின்போதே இந்த வடிகட்டலைச் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளங்களும் தரவில் இருந்தன. ஒரு அரசு தன் தணிக்கைக் கருவியை ஒத்திகை பார்த்ததைப் புழு காட்டிக்கொடுத்தது.

இந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஜார்ஜியா டெக் நடத்தும் ஐயோடா என்ற கண்காணிப்புத் தளம். (ஆங்கில எழுத்துகளின் சுருக்கம்தான், ஆனால் நான் அதை ஐயோடா என்றே வாசிக்கிறேன், பொருத்தமாகத்தான் இருக்கிறது.) கூவல், புழுத் தட்டல், இவர்களே போய்த் தட்டிப் பார்ப்பது என்று மூன்று அளவுகோல்களைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறது. ஒன்று விழுந்தால் சந்தேகம், மூன்றும் சேர்ந்து விழுந்தால் உறுதி.

இவ்வளவு நுட்பத்துக்கும் அகப்படாத ஒரு முடக்கம் உண்டு. அது நம் ஊர் முடக்கம்.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி, 13 பேர் இறந்தார்கள். மறுநாள் மாலை தமிழக உள்துறை, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையச் சேவையை 5 நாள் நிறுத்தும்படி உத்தரவிட்டது. சமூக ஊடகங்களில் வதந்தி பரவுகிறது, அமைதி திரும்ப வேண்டும் என்பது காரணம். அந்த நாட்களின் பி.ஜி.பி. பதிவேட்டைப் புரட்டினால் தூத்துக்குடி தெரியாது. கைபேசி நிறுவனங்களின் முகவரிகள் மாவட்டவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுவதில்லை. தூத்துக்குடிக்காரரும் சென்னைக்காரரும் வெளியுலகுக்கு ஒரே முகவரிக் கூட்டத்தில்தான் தெரிவார்கள். நிறுவனங்களோ அந்தந்த மாவட்டத்துக் கோபுரங்களில் மட்டும் டேட்டாவை நிறுத்துகின்றன, அழைப்பு போகும், நெட் போகாது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெரிய மாநிலத்தின் கோட்டில் சின்னத் தள்ளாட்டம், அவ்வளவே. ஆகவே இந்தியாவின் கணக்கைப் புழுக்கள் எழுத முடியாது. டெல்லியில் எஸ்.எஃப்.எல்.சி. என்ற சட்ட அமைப்பு, உள்ளூர்ச் செய்தித்தாள்களையும் அரசு உத்தரவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து அந்தப் பட்டியலைத் தயாரிக்கிறது. அக்சஸ் நவ் என்ற உலக அமைப்பின் கணக்குப்படி 2024இல் 54 நாடுகளில் 296 முடக்கங்கள். அதில் மியான்மர் 85, இந்தியா 84. அதற்கு முந்தைய ஆறு ஆண்டும் முதலிடம் இந்தியாவுக்குத்தான்.

இந்த உத்தரவுகள் எதை வைத்துப் போடப்படுகின்றன? நீண்ட காலம் வரை மாவட்ட ஆட்சியர்கள் கூட்டம் கூடத் தடை போடும் 144ஆம் பிரிவையே இணையத்துக்கும் பயன்படுத்தினார்கள். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது, 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ். 2024 வரை நடப்பில் இருந்த அந்த விதிப்படி, மத்திய உள்துறைச் செயலரோ மாநில உள்துறைச் செயலரோதான் உத்தரவு போட முடிந்தது. காரணத்தை எழுத வேண்டியிருந்தது. ஐந்து வேலை நாளுக்குள் ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டியிருந்தது. அடிப்படையில் கேட்கப்படுவது இரண்டு சொற்றொடர்: பொது நெருக்கடி, பொதுப் பாதுகாப்பு. எவ்வளவு பெரிய சேலையையும் மடித்து வைக்கக்கூடிய பெட்டிகள் இவை. கலவரம் அதற்குள் போகும், ஊர்வலம் போகும், ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வும் போனது.

அந்தத் தேர்வுக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். 2021 செப்டம்பர் 26 அன்று ரீட் தேர்வுக்காக ராஜஸ்தானின் பல மாவட்டங்களில் கைபேசி இணையத்தை நிறுத்தினார்கள். வினாத்தாள் வாட்ஸப்பில் போய்விடக் கூடாது என்று. கூலிக்கு ஆன்லைனில் பணம் வாங்குகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், தேர்வே எழுதாதவர் எல்லோருக்கும் அன்று நெட் இல்லை. பிறகு விசாரணையில் தெரிந்தது, வினாத்தாள் தேர்வுக்கு முன்பே, அதைப் பத்திரமாக வைத்திருந்த இடத்திலிருந்தே வெளியே போயிருந்தது. அடுத்த பிப்ரவரியில் அந்தத் தேர்வின் இரண்டாம் நிலையை ரத்து செய்தார்கள். பூட்டிய கதவு ஒன்று, திருடன் போன கதவு வேறு.

தேர்வுக் கதை சிரிக்க வைக்கலாம். வதந்தி அப்படியல்ல, வாட்ஸப் வதந்தியால் நம் நாட்டில் ஆட்கள் அடித்துக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஒரு மாவட்ட எஸ்.பி.யின் நாற்காலியில் இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்திருந்தால், நானும் அந்தப் பொத்தானைத் தேடியிருப்பேனோ என்னவோ. அதனால், இணையத்தை அறுத்தால் வன்முறை உண்மையிலேயே குறைகிறதா என்ற கேள்வியை நேர்மையாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கேட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் யான் ரிட்சாக். இந்தியாவில் 2016ஆம் ஆண்டு நடந்த 22,000க்கும் மேற்பட்ட போராட்டங்களை எடுத்துக்கொண்டு, இணையம் இருந்த இடத்திலும் நிறுத்தப்பட்ட இடத்திலும் நாளுக்கு நாள் என்ன ஆனது என்று ஒப்பிட்டார். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மூலம் 2019இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு அரசு எதிர்பார்க்காதது. முடக்கத்தின் கீழ் நடந்த போராட்டங்களில், நாள் ஆக ஆக வன்முறை கூடியது. அமைதியான போராட்டங்களைப் பொறுத்தவரை, தெளிவான விளைவு எதுவும் தெரியவில்லை. அவர் தரும் விளக்கம் எளிமையானது. அமைதியான ஊர்வலம் நடத்த ஒழுங்கு வேண்டும்: எங்கே கூடுவது, எந்தத் தெரு வழியாகப் போவது, யார் தொண்டர், போலீஸ் தடுத்தால் எங்கே உட்காருவது. இதற்கெல்லாம் பேச்சுத் தொடர்பு தேவை. பேருந்துக்குக் கல்லெறிய யாரோடும் கலந்துபேச வேண்டியதில்லை. தொடர்பை அறுத்தால், தொடர்பு தேவைப்படாத வகைப் போராட்டம் மட்டும் மிஞ்சுகிறது.

இந்த முடிவை நான் அப்படியே விழுங்கச் சொல்லவில்லை. இதில் இயல்பாகவே ஒரு சிக்கல் இருக்கிறது. அரசு எங்கே இணையத்தை நிறுத்தும்? ஏற்கெனவே வன்முறை வரும் என்று தோன்றுகிற இடத்தில்தான். குடை பிடித்தவர்கள் இருக்கும் தெருவில் மழை அதிகம் என்பதால் குடைதான் மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட முடியாது. ரிட்சாக் இதை அறிந்தே, போராட்டம் தொடங்கிய பிறகு நாளாக நாளாக அதன் போக்கு எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்தார். ஆனாலும் முழுச் சந்தேகமும் தீராது. இதே சந்தேகம் எகிப்தைப் பற்றிய இன்னொரு ஆய்வுக்கும் உண்டு. நவீத் ஹஸன்பூர் என்ற ஆய்வாளர், கெய்ரோவில் இணையம் அறுபட்ட ஜனவரி 28 அன்று போராட்டம் அடங்கவில்லை, தஹ்ரீரை விட்டு நகரெங்கும் சிதறிப் பரவியது என்று காட்டினார். வீட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே தெருவுக்கு வந்தார்கள், அதுவரை அரசியலே வேண்டாம் என்றிருந்தவருக்குக்கூட ஏதோ பெரிதாக நடக்கிறது என்பது தெரிந்துபோனது என்பது அவர் வாதம். அன்று வெள்ளிக்கிழமை, எந்த மசூதியில் தொழுதாரோ அங்கிருந்தே ஊர்வலம் கிளம்பும் நாள் என்பதையும் கூடவே நினைவில் வைக்க வேண்டும். இணையம் இருந்திருந்தாலும் கொஞ்சம் சிதறியிருக்கும். இவ்வளவு கழித்துப் பார்த்தபின்னும் மிஞ்சுகிற ஒன்று: முடக்கம் கூட்டத்தை வீட்டுக்கு அனுப்பியதாக இந்த இரண்டு ஆய்விலும் ஆதாரம் இல்லை.

இப்போது, உத்தரவு போடுகிறவர்களிடம் உள்ள ஆதாரம் எது என்று பார்ப்போம். காஷ்மீர் வழக்கில், காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பசின் உச்ச நீதிமன்றம் போனார். இணையத்தை நிறுத்திய உத்தரவுகள் எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று கேட்டபோது, அரசுத் தரப்பால் எல்லாவற்றையும் தாக்கல் செய்ய முடியவில்லை. 2020 ஜனவரி 10 அன்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது: காலவரையின்றி நிறுத்த முடியாது, தேவைக்கு மீறி நிறுத்தக் கூடாது, உத்தரவுகளை வெளியிட வேண்டும். அடுத்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தின் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு இதே விஷயத்தை எடுத்தது. நாட்டில் எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது என்று கேட்டது. தொலைத்தொடர்புத் துறையிடமும் அந்தக் கணக்கு இல்லை, உள்துறை அமைச்சகத்திடமும் இல்லை. சட்டம் ஒழுங்கு மாநிலங்களின் விஷயம் என்று பதில் வந்தது. நிறுத்தியதால் பலன் கிடைத்தது என்று காட்ட ஒரு ஆய்வும் நடத்தப்பட்டிருக்கவில்லை. எகிப்து அறுபட்ட நேரத்தை நிமிடக் கணக்கில் ஆரிகனில் எழுதி வைத்திருக்கிறார்கள், தன் சொந்த மாவட்டங்களை எத்தனை முறை அறுத்தோம் என்று அறுத்தவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று குழு பரிந்துரைத்தது.

பயன் பற்றிய கணக்கு இல்லாவிட்டாலும், விலை பற்றிய கணக்குகளுக்குப் பஞ்சமில்லை. எகிப்தின் ஐந்து நாளுக்குக் குறைந்தது 9 கோடி டாலர் நேரடி இழப்பு என்று ஓ.ஈ.சி.டி. மதிப்பிட்டது. இந்த மாதிரி எண்களை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்ப்பேன், சராசரி வருமானத்தை நாட்களால் பெருக்கி வருவது அது. அதைவிட எனக்குத் தெளிவாக விலையைக் காட்டுவது ஒரு ரயில். 2020 தொடக்கத்தில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கிலிருந்து பனிஹால் போகும் பயணிகள் ரயிலுக்கு மக்கள் இன்டர்நெட் எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தார்கள். மலைக்கு அந்தப் பக்கம், ஜம்மு பகுதியில் இருக்கும் சின்ன ஊர் பனிஹால். அங்கே இணையம் இருந்தது. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டிய மாணவர்களும் வேலைக்கு மனுப் போடுகிறவர்களும் குளிரில் நெருக்கியடித்து நின்று அங்கே போனார்கள். இன்டர்நெட் கடைகளில் மணிக்கு 300 ரூபாய் வரை வாங்கினார்கள். 

2020 ஜனவரி கடைசியில் காஷ்மீரில் கைபேசி இணையம் திரும்ப வந்தது. வந்தது என்று சொல்லலாமா தெரியவில்லை. 2ஜி வேகம், அதுவும் அரசு அனுமதித்த 301 இணையதளங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியல் மார்ச்சில் போனது, வேகக் கட்டுப்பாடு பெரும்பாலான மாவட்டங்களில் 2021 பிப்ரவரி 5 வரை நீடித்தது. தீவிரவாதிகள் வீடியோ பரப்பாமல் இருக்க என்பது காரணம். உச்ச நீதிமன்றத்துக்கு இந்த வேக வழக்கும் போனது. 2020 மே மாதம் நீதிமன்றம் அதை ஒரு சிறப்புக் குழுவிடம் கொடுத்தது, மத்திய உள்துறைச் செயலர் தலைமையில். உத்தரவு போடும் அதிகாரம் உள்ளவரே அதைப் பரிசீலிக்கவும் செய்தார்.

அளப்பவர்களுக்கு இதுதான் மிகக் கடினமான வகை. வழித்தடங்கள் கூவுகின்றன, தட்டினால் பதில் வருகிறது, புழு தட்டினால் வெளியே கேட்கிறது. தட்டல் என்பது மிகச் சின்னத் தரவு, 2ஜியில் தாராளமாகப் போகும். எல்லாக் கோடுகளும் உயரத்தில், எல்லா விளக்கும் எரிகிறது. உள்ளே இருக்கிறவர் தன் கைபேசியில் வேகத்தை அளந்து அனுப்பினால்தான் தெரியும், அதையும் அந்த வேகத்தில்தான் அனுப்ப வேண்டும்.

2020 மார்ச்சில் கொரோனா காஷ்மீருக்குள் வந்தபோது ஸ்ரீநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர், இங்கிலாந்து மருத்துவர்கள் வெளியிட்ட தீவிர சிகிச்சை வழிகாட்டியை இறக்கப் பார்த்தார். கோப்பின் அளவு 24 எம்.பி. ஒரு மணி நேரமாகியும் இறங்கவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 எம்.பி. என்றால் 192 மெகாபிட். சாதாரண 4ஜியில் வினாடிக்கு 10 மெகாபிட் என்று வைத்தால் ஏறக்குறைய 20 வினாடி. கூட்டமாகப் பயன்படுத்தும் 2ஜி கோபுரத்தில் ஒருவருக்கு வினாடிக்கு 50 கிலோபிட் கிடைத்தால், இணைப்பு நடுவில் அறுபடாமல் இருந்தால், 64 நிமிடம்.